தேரி மணலின் வயதும் ஆய்வு மாணவரின் அறிமுகக் குறிப்பும்

செம்மணல்: தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணல்மேடுகளின் வயதை ஒளிர்வு முறையில் கணிப்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வகத்தில் இடும் என் குறிப்பில் ‘ஒளிர்வுக் காலக்கணிப்பில் தேர்ந்தவர்’ என்று எழுதினேன்; இணை நெறியாளர் அந்த வரியை அடித்துவிட்டார். நான் எழுதியது தவறா?

கடலோடி: தவறே இல்லை. மேலாய்வுக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் தேடுவது முறையின் பெயரைத்தான். அது இல்லாத குறிப்பை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை.

பாறைமுகடு: முறையின் பெயர் இருக்கட்டும், ‘தேர்ந்தவர்’ என்பதுதான் சிக்கல். குவார்ட்ஸ் மணல் புதைந்த நாள்முதல் சேர்த்துவைத்த கதிர்வீச்சை, ஆண்டுதோறும் அது பெறும் கதிர்வீச்சால் வகுத்தால் வயது கிடைக்கிறது. சேர்ந்தது 24 கிரே, ஆண்டுக்குப் பெறுவது 2 மில்லிகிரே என்றால் வயது 12,000 ஆண்டு, ஆண்டளவு 1.6 மில்லிகிரேதான் என்றால் அதே மணலுக்கு 15,000 ஆண்டு ஆகிவிடும். அந்த ஆண்டளவுக்கு வேண்டிய யுரேனியம், தோரியம், பொட்டாசியம், ஈரப்பதம் ஆகியவற்றை யார் அளந்தார்கள், தம்பி?

செம்மணல்: ஐயா, இரும்புக் குழாயை மேட்டில் அடித்து மணல் எடுத்ததும், சிவப்பு விளக்கில் குழாயைத் திறந்து, வெளிச்சம் பட்டிருக்கக்கூடிய இரு முனை மணலையும் ஒதுக்கிவிட்டு நடுமணலை அமிலத்தில் கழுவி அளந்ததும் நான்தான். ஒதுக்கிய முனை மணலை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஆண்டளவு அங்கிருந்து வந்தது.

பாறைமுகடு: அப்படியானால் இப்போது சொன்னதையே எழுதுங்கள். கரையோர மணலில் மோனசைட் கலந்திருந்தால் தோரியம் கூடி ஆண்டளவு ஏறும், அதைக் குறைத்துக் கணக்கிட்டால் வயது கூடிவிடும் என்பதை அறிந்தவர் நேர்காணலில் முதலில் இதைத்தான் கேட்பார்.

வகுப்பறை: கற்பித்தல் வரியிலும் கவனம் வேண்டும். நான் செய்முறை வகுப்பில் கனிமங்களை அடையாளம் காண உதவியதை ‘கனிமவியல் கற்பித்தேன்’ என்று எழுதியிருந்தேன். பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் எப்படி அமைத்தீர்கள் என்று கேட்டபோது பதில் இல்லாமல் நின்றேன்.

கடலோடி: இவ்வளவு பிரித்து எழுதினால் குறிப்பு நீண்டுவிடாதா? இரு நெறியாளர்களின் பெயர்களும் ஆய்வுத் தலைப்புமே நான்கு வரி பிடிக்கும்.

பாறைமுகடு: ‘மணல் சேகரிப்பும் குவார்ட்ஸ் ஒளிர்வு அளவீடும் என் பணி, ஆண்டளவு கூட்டாய்வகத்தில் அளக்கப்பட்டது’ என்பது ஒரே வரிதான்.

செம்மணல்: அதை எழுதிவிடுகிறேன். ஆனால் வரியை அடித்த இணை நெறியாளர்தான் ஆண்டளவுக் கணக்கைச் சரிபார்த்தவர். முதன்மை நெறியாளரோ தம் பெயர் மட்டும் போதும் என்கிறார்.

வகுப்பறை: இருவர் பெயரையும் போடுங்கள்.

கடலோடி: முதன்மை நெறியாளரிடம் கேட்காமல் போடாதீர்கள்; ஆய்வேட்டில் கையெழுத்திட வேண்டியவர் அவர்.