கோ விதி சுழற்சியை நிறுத்துகிறதா, தள்ளிப்போடுகிறதா?

நாலாம்வரிசை:
கோ என்ற பலகை ஆட்டத்தில் ஒற்றைக் காயை நான் சூழ்ந்து எடுத்தால் எதிராளி உடனே திருப்பி எடுக்கக் கூடாது, வேறெங்காவது ஒரு காய் வைத்துவிட்டு வந்து எடுக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் இரண்டு பேரும் எங்கேயோ வைத்துவிட்டு வந்து மாறி மாறி எடுத்துக்கொண்டே இருக்கலாமே? சுழற்சி நின்றதாகத் தெரியவில்லை. சதுரங்கத்தில் போல ஒரே நிலை மூன்று முறை வந்தால் சமன் என்று வைத்திருந்தால் என்ன?

வெட்டுக்கிளி:
சமன் என்று வைத்தால் ஆட்டமே போய்விடும். ஆட்டத்தின் பெயரைப் போலவே கோ என்று எழுதப்படும் இந்த வடிவம் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆட்டத்திலும் வருகிறது:

```
· ● ○ ·
● ○ · ○
· ● ○ ·
```

நடுவில் காலியாக இருக்கும் இடத்தில் கருப்பு வைத்தால் இடப்பக்க வெள்ளை போய்விடும், அந்த வெள்ளை இருந்த இடத்தில் மறுபடி வெள்ளை வைத்தால் கருப்பு போய்விடும். இதற்குச் சமன் கொடுத்தால், தோற்கிறவன் எங்காவது ஒரு கோ கிளப்பிவிட்டு எடுத்துக்கொண்டே இருப்பான், அப்புறம் ஜெயிக்கிறவனுக்கு என்ன வழி? உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சுலபம். வேறிடத்தில் வைக்கும் காய் எதிராளி பதில் சொல்லியே ஆக வேண்டியதாக இருந்தால் அது மிரட்டல். யாரிடம் மிரட்டல் அதிகமோ அவருக்குத்தான் கோ. எண்ணிப் பார்த்துவிட்டு இறங்குங்கள், அவ்வளவுதான்.

ஓரக்கண்:
முதல் பாதி சரி. "யாரிடம் மிரட்டல் அதிகமோ" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, நிறைய பேர் இதை நம்பித்தான் கோ சண்டையில் தோற்கிறார்கள். அதற்கு முன்னால் சுழற்சி விஷயம். விதி தடுப்பது ஒன்றே ஒன்றைத்தான், பலகை ஒரு நகர்வுக்கு முன்பு இருந்த அதே நிலைக்கு உடனே திரும்பக் கூடாது. அதற்காக வேறிடத்தில் வைத்த காய் அங்கேயே நிற்கும், எதிராளி அதற்குச் சொன்ன பதிலும் நிற்கும். அதனால் நீங்கள் கோவுக்குத் திரும்பி வரும்போது பலகை பழைய பலகை இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மிரட்டல் செலவாகிறது, பலகையோ நிரம்பிக்கொண்டே போகிறது. எதிராளி பதில் சொல்லியே தீர வேண்டிய இடம் ஒருவருக்கு முதலில் தீரும், அன்றோடு கோ முடிந்தது.

இரவாட்டம்:
எனக்கும் இதே பிரச்சனைதான். நேற்று நான் ஒரு காயை எடுத்தேன், எதிராளி அடுத்த நகர்விலேயே அதே இடத்தில் வைத்து என் மூன்று காய்களை எடுத்துவிட்டார், சர்வரும் அனுமதித்துவிட்டது. கோ விதியை அவர்கள் சரியாக எழுதவில்லை போல.

ஓரக்கண்:
சர்வரில் தவறில்லை. நீங்கள் எடுத்தது ஒன்று, போனது மூன்று, ஆக பலகை முந்தைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அது ஸ்நாப்பேக், கோ அல்ல. ஒன்றுக்கு ஒன்று என்று போய் பழைய படமே திரும்ப வந்தால்தான் விதி குறுக்கிடும்.

வெட்டுக்கிளி:
சரி, எண்ணிக்கையில் என்ன தவறு? என்னிடம் இரண்டு மிரட்டல், எதிராளியிடம் ஒன்று என்றால் நான்தானே ஜெயிக்க வேண்டும்?

ஓரக்கண்:
ஜெயிக்கலாம், கோட்டைவிடவும் செய்யலாம். ஒரு மூலையை எடுத்துக்கொள்வோம். அங்கே கருப்பின் 7 காய்கள், உள்ளே 3 காலி இடம், அந்தக் கூட்டம் உயிர் பிழைப்பது ஒரு கோ சண்டையின் முடிவில் இருக்கிறது. வெள்ளை ஜெயித்தால் பிடிபட்ட 7 காய், அந்தக் காய்கள் நின்ற 7 இடம், காலி 3, ஆக 17 புள்ளி. கருப்பு ஜெயித்தால் உயிரோடு 3 புள்ளி. வித்தியாசம் 20. கோ சண்டையில் கைமாறும் ஒற்றைக் காய்களை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

வெள்ளை இப்போதுதான் கோவை எடுத்திருக்கிறது. கருப்பிடம் இரண்டு மிரட்டல். சின்னதில் வெள்ளையின் 3 காய்களைத் துண்டித்து எடுக்கலாம், அது 6 புள்ளி. பெரியது ஓரத்தில் இருக்கும் 10 காய் கூட்டத்தையே கொல்லும் மிரட்டல், 20-க்கு மேல் தேறும், 24 என்று வைப்போம். வெள்ளையிடம் இருப்பது ஒன்று, கருப்பின் இடத்துக்குள் புகுந்து 4 புள்ளி அழிக்கும் மிரட்டல்.

எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர், பெரியதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சின்னதை முதலில் ஆடுவார். வெள்ளை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கோவை முடித்துவிடும். மூலை செத்தது, கையில் கிடைத்தது 6. பத்திரமாக வைத்த பெரிய மிரட்டலை வைத்து மிரட்ட இனி கோ இல்லை. மாறாகப் பெரியதை முதலில் ஆடினால் வெள்ளை பதில் சொல்லத்தான் வேண்டும். கருப்பு கோவைத் திருப்பி எடுக்கிறது, வெள்ளை தன் 4 புள்ளி மிரட்டலை ஆடுகிறது, கருப்பு அதைக் கண்டுகொள்ளாமல் கோவை முடிக்கிறது. மூலையில் 20 வந்தது, அங்கே 4 போனது, மிச்சம் 16. அந்த 6-ஐவிட 10 அதிகம், அடுத்த நகர்வும் கருப்புக்கு. ஆகவே கருப்பிடம் இருந்தது இரண்டு மிரட்டல் அல்ல, ஒன்றுதான். அந்த 6 புள்ளி நகர்வு இந்தக் கோவுக்கு மிரட்டலே கிடையாது, 5 புள்ளி கோவாக இருந்தால் ஆகியிருக்கும்.

நாலாம்வரிசை:
அப்படியானால் எப்போதும் பெரியதை முதலில் ஆட வேண்டும், இல்லையா?

வெட்டுக்கிளி:
இல்லை, இங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 24-ம் போதும் 40-ம் போதும் என்றால் முதலில் 24-ஐத்தான் செலவு செய்ய வேண்டும். அதே ஆட்டத்தில் இன்னொரு பெரிய கோ வந்தால் அந்த 40 தேவைப்படும்.

ஓரக்கண்:
கணக்கு சரியாக இருந்தால் அப்படித்தான். ஆனால் நடு ஆட்டத்தில் கடிகாரம் ஓடும்போது 20-ஆ 26-ஆ என்று யாரால் அறுதியிட முடியும்? எல்லைக்கு அருகில் இருக்கும் மிரட்டலை எதிராளி வேறு மாதிரி கணக்குப் போட்டுப் புறக்கணித்தால் மூலை போச்சு. நான் சந்தேகம் இல்லாததை முதலில் ஆடுவேன்.

அதைவிட நான் அதிகம் பார்ப்பது, பதில் வந்த பிறகு எனக்கு என்ன மிஞ்சும் என்பதை. சும்மா அடாரி போட்டு, அதாவது அடுத்த நகர்வில் எடுத்துவிடுவேன் என்று காட்டிவிட்டு, எதிராளி நீட்டிக்கொண்டால், அவருடைய பலவீனமான கூட்டத்தை நானே கெட்டிப்படுத்திக் கொடுத்திருக்கிறேன், பின்னால் நான் வெட்ட வைத்திருந்த இடமும் போய்விட்டது. கோவை ஜெயித்தாலும் அந்த நஷ்டம் திரும்ப வராது. எப்படியும் செத்துப்போன காய்களுக்குள் ஒரு காய் வைத்து மிரட்டினால் பெரும்பாலும் நஷ்டமே இல்லை.

இரவாட்டம்:
அந்த உதாரணத்தில் வெள்ளைக்கு வழியே இல்லையா?

ஓரக்கண்:
கோ தொடங்கும் முன்பு இருந்தது. அந்த 10 காய் கூட்டத்துக்குக் கண், அதாவது உயிர் தரும் உள் காலியிடம், உறுதியாகும் நகர்வு, கருப்பு பதில் சொல்லியே ஆக வேண்டியதாகவும் இருந்தால், முதலில் அதை ஆடியிருக்க வேண்டும், கருப்பின் ஒரே மிரட்டல் மறைந்திருக்கும். பதில் கட்டாயமில்லாத நகர்வாக இருந்தால் பயனில்லை, கருப்பு மூலையிலேயே ஒரு காய் வைத்து உயிர் பிழைத்துவிடும்.

வெட்டுக்கிளி:
இதெல்லாம் ஒற்றைக் கோவுக்கு. மூன்று கோ ஒன்றாக வந்தால்? கருப்பு முதலாவதில் எடுக்க, வெள்ளை இரண்டாவதில், கருப்பு மூன்றாவதில், வெள்ளை மறுபடி முதலாவதில் என்று ஆறு நகர்வில் பழைய நிலை வந்துவிடும், மிரட்டலே தேவையில்லை. நாலாம்வரிசை கேட்ட சுழற்சி அங்கே நிற்கவில்லையே.

ஓரக்கண்:
சாதாரண விதியால் நிற்காதுதான். ஜப்பானின் 1989 விதிகளில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் ஆட்டம் முடிவில்லாமல் கலைகிறது. அமெரிக்க, நியூசிலாந்து விதிகளில் முன்பு வந்த எந்த முழுப்பலகை நிலையையும், அடுத்து ஆட வேண்டியவரும் அதே ஆளாக இருக்கும்படி, திரும்ப உண்டாக்கக் கூடாது, அதாவது சூப்பர் கோ. எனக்குச் சூப்பர் கோதான் சுத்தமாகப் படுகிறது.

வெட்டுக்கிளி:
எனக்குப் படவில்லை. மூன்று கோவில் சூப்பர் கோ போட்டால், யார் எந்த இடத்தில் சுற்றை ஆரம்பித்தார் என்பதைப் பொறுத்து ஒருவர் வெளியே போய் மிரட்டல் தேட வேண்டியிருக்கும். இரண்டு பேரும் தவறில்லாமல் ஆடிய சண்டையில் அப்படி ஒருவரைத் தோற்கடிப்பதைவிடக் கலைத்துவிட்டு மறுபடி ஆடலாம்.

ஓரக்கண்:
மிரட்டல் தேட வேண்டி வருவதுதானே கோ. ஒற்றைக் கோவில் அதே நிலையில் யாரும் கலைக்கச் சொல்வதில்லை.

நாலாம்வரிசை:
என் கூட்டத்தின் உயிர் இரண்டு கோவைச் சார்ந்திருக்கும் இரட்டைக் கோ இருக்கும்போது என்ன ஆகும்? எதிராளி ஒன்றை எடுத்தால் நான் மற்றதை எடுப்பேன், அதுவும் எனக்கு முடிவில்லாத மிரட்டல் மாதிரித்தானே?

ஓரக்கண்:
முடிவில்லாத மிரட்டல்தான், ஆனால் உங்களுக்கு அல்ல. ஒரு கூட்டம் இரட்டைக் கோவால் உயிரோடு இருந்தால், அதன் எதிராளி வேறிடத்தில் நடக்கும் கோவுக்கு அங்கிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் மிரட்டலாம். அப்படி ஒன்று இருக்கும் பலகையில் வேறு கோ சண்டையில் இறங்கும் முன் அதை முதலில் பாருங்கள்.