கலைச்சொல்: கூட்ட அறை இருக்கை அமைவுகள்

கயல்:
வணக்கம். ஒரு விடுதியின் முன்பதிவுப் படிவத்தைத் தமிழாக்குகிறேன். தியேட்டர், கிளாஸ்ரூம், யூ ஷேப் மூன்றுக்கும் திரையரங்க அமைவு, வகுப்பறை அமைவு, லாட அமைவு என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

தணிகாசலம்:
'திரையரங்க' வேண்டாம், கயல். திரையே இல்லாத பொதுக்குழுக் கூட்டத்துக்கும் இதே அமைவுதான் போடுகிறார்கள். படிவத்தைப் படிப்பவர் முதலில் கேட்பது மேசை உண்டா இல்லையா என்பதைத்தான். அதைப் பெயரே சொல்லட்டும்: நாற்காலி வரிசை, மேசை வரிசை.

இரண்டுக்கும் இடக்கணக்கு வெகுதூரம் விலகும். 40 அடிக்கு 24 அடி அறையில் மேடைக்கும் திரைக்கும் முன்னால் 12 அடி விட்டால் மீதி 28 அடி. நாற்காலி வரிசைக்கு 3 அடி இடைவெளி என்றால் 9 வரிசை. நடைபாதை போக 80 பேர் தாராளம். மேசை வரிசைக்கு 5 அடி வேண்டும், ஆகவே 5 வரிசைதான். ஒரு வரிசையில் ஆறடி மேசை மூன்று, இடையில் இரண்டு நடைபாதை. மேசைக்கு 3 பேர் என்று விடுதி 45 சொல்லும். மடிக்கணினியும் கையேடும் விரித்து வைக்கும் பயிற்சி என்றால் மேசைக்கு 2 பேர்தான் உட்கார முடியும், 30 ஆகிவிடும். முன்பணம் கட்டிய பிறகு சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சுந்தர்:
சுருக்கமாகச் சொன்னால் ஆள் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. 20 வரை லாடம், 40 வரை வகுப்பறை, அதற்கு மேல் அரங்கு.

தணிகாசலம்:
எண்ணிக்கை மேல்வரம்பைத்தான் சொல்லும், சுந்தர் ஐயா. அந்த வரம்புக்குள் எதைத் தேர்வது என்பதை நோக்கம் சொல்லும். 15 பேர் வந்து ஒருவர் பேச்சை ஒன்றரை மணிநேரம் கேட்டுவிட்டுப் போவார்கள் என்றால் நாற்காலி வரிசையே போதும். அதே 15 பேர் ஒருவரோடொருவர் வாதிட வேண்டுமென்றால் முகம் பார்த்து உட்கார வேண்டும். 25 பேருக்கு மேல் யூ போட்டால் கைகள் நீண்டு, ஒரே பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. கடைசியில் இருப்பவர் திரையிலிருந்தும் தள்ளிப்போய்விடுவார்.

பாத்திமா:
இடையில் வருகிறேன். எங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு 80 பேர். மேசை வரிசை என்று எழுதிக் கொடுத்தால் சாப்பாட்டு மேசை போடுவார்களா?

தணிகாசலம்:
போட மாட்டார்கள், அம்மா. ஒன்றரை அடி அகல மேசை வரும், எல்லோரும் ஒரே திசை பார்த்து உட்கார்வார்கள். இலை போட இடம் இராது. உங்களுக்கு வட்டமேசை அல்லது பந்தி என்று எழுதுங்கள். கயல், இந்தக் குழப்பம் என் சொல்லின் குறை. 'பயிற்சி மேசை வரிசை' என்று நீட்டலாமா?

கயல்:
படிவக் கட்டத்தில் இடம் போதாது! அதற்கு 'வகுப்பறை வரிசை' தேவலை. யூவுக்கு?

தணிகாசலம்:
லாடம் வளைவானது, மேசைகள் நேரானவை. 'ப வடிவம்' என்பதே சரி. 2025இல் பள்ளி இருக்கைகள் பற்றிய செய்திகளில் எல்லோரும் படித்த சொல்தான். பக்கத்தில் இருப்பவர்கள் கழுத்தைத் திருப்பியே பலகையைப் பார்க்க வேண்டும் என்ற குறையும் அப்போதே பேசப்பட்டது. கூட்ட அறைக்கும் அது பொருந்தும்: நாள் முழுக்கத் திரையைப் பார்க்கும் பயிற்சிக்கு ப வடிவம் ஆகாது.

சுந்தர்:
'ப' எழுத்தில் மேலே திறப்பு. திரை அங்கே என்று கொள்ளலாம். ஆனால் 24 பேருக்கு அதே அறையில் ப வடிவம் கொள்ளுமா?

தணிகாசலம்:
ஆறடி மேசைக்கு 3 பேர் வீதம் 8 மேசை: அடிப்பக்கத்தில் 2, ஒவ்வொரு கையிலும் 3. மேசையின் அகலம் 2 அடி. அடிப்பக்க மேசைகளைக் கைகளுக்கு நடுவே செருகினால் மொத்த அகலம் 16 அடி. நாற்காலிக்கும் நடப்பதற்குமாகப் பக்கத்துக்கு 5 அடி சேர்த்தால் 26, அறையோ 24. தேநீர் கொண்டுவருபவர் சுவரை ஒட்டி நிற்பார், கோப்பை யாரோ ஒருவர் தோளில் சாயும். அடிப்பக்க மேசைகளைக் கைகளின் முனைக்குப் பின்னால் குறுக்கே போடுங்கள்: அகலம் 12, பக்கங்களைச் சேர்த்து 22. நீளம் 18ம் 2ம், பின்னால் 5ம், ஆக 25 அடி. திரைக்கு 15 அடி மிஞ்சும். உள்ளே 8 அடி இருக்கிறது, பயிற்றுநர் நடமாடலாம்.

பாத்திமா:
நான்கு பக்கமும் மூடிப் போடுவதற்கு என்ன பெயர்?

கயல்:
'வெற்றுச் சதுரம்' என்று ஒருவர் தந்திருக்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை.

சுந்தர்:
'நாற்புற அமைவு'? லாடத்தை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. மேசையை வளைத்துப் போடும் விடுதிகளும் உண்டு.

தணிகாசலம்:
அது வேறு அமைவு, வேறு பெயர் வேண்டும். நாற்புறம் நன்று, ஆனால் திரை எங்கே வைப்பது என்று யாராவது கேட்பார்கள். எங்கே வைத்தாலும் ஒரு பக்கத்தாருக்கு முதுகுப் பக்கம்தான் வரும்.