கணுக்கால் பக்கத்தில் ஆறாத புண், காலை உயர்த்துவது, கட்டு: உங்கள் அனுபவம் என்ன?

தேன்மழை:
அம்மாவுக்கு இடது கணுக்காலின் உட்பக்கம், எலும்புக்குச் சற்று மேலே புண். அரிப்பெடுத்துச் சொறிந்ததில் வந்தது, மாதக்கணக்காக அப்படியே இருக்கிறது. சுற்றிலும் தோல் பழுப்பாகி மரக்கட்டை மாதிரி இறுகிவிட்டது. சாயங்காலமானால் கால் வீங்கிக் கட்டு நனைகிறது, காலையில் வீக்கம் வடிந்திருக்கிறது. டாக்டர் சிரைப் புண் என்று சொல்லி, கட்டு போடுங்கள், காலை உயர்த்தி வையுங்கள் என்றார். தினமும் கட்டு மாற்றுகிறோம், டிவி பார்க்கும்போது ஸ்டூலில் காலை வைத்துக்கொள்கிறார். பெரிதாகவும் இல்லை, ஆறவும் இல்லை. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

காற்றாடி:
என் மாமனாருக்கும் இதே இடத்தில் வந்தது. கட்டே போடாமல் காற்றோட்டமாக விட்டு, ஆன்டிபயாடிக் பவுடர் தூவினோம், பொருக்குக் கட்டியது. காலை உயர்த்தி வைத்துப் படுப்பது ரொம்ப முக்கியம், அதுதான் குணமாக்கியது என்று நினைக்கிறேன். ஆனால் பொருக்கு உதிர்ந்து அதே இடத்தில் மறுபடி திறந்துகொண்டது, அது ஏன் என்று தெரியவில்லை.

பழைய நர்ஸ்:
புண் பிரிவில் பல வருஷம் கட்டு போட்டவள். காற்றாடி சொன்னதில் உயர்த்துவது சரி, காயவைப்பது சரியில்லை, புதுத்தோல் ஈரத்தில்தான் ஊர்ந்து மூடும். பொருக்கு வந்துவிட்டதால் உள்ளே ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. பவுடரும் வேண்டாம், இந்தப் புண்காரர்களுக்கு மருந்துப் பூச்சுகளே அடிக்கடி ஒவ்வாமையாகி, சுற்றுத்தோல் சிவந்து அரிக்கும்.

தேன்மழை, ஸ்டூல் போதாது. உட்கார்ந்திருக்கும்போது ஸ்டூலில் வைத்த கால் இதயத்தைவிடக் கீழேதான் இருக்கிறது. சிரைக்குள் இருக்கிற வால்வு பழுதானதால் ரத்தம் கீழே தேங்கி, அந்த அழுத்தம்தான் புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கிறது. மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழிருந்து தலையணை கொடுத்து, கணுக்கால் நெஞ்சுக்கு மேலே வரும்படி அரை மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை செய்யச் சொல்லுங்கள். குதிகால் எதன் மேலும் அழுந்தக்கூடாது, இல்லாவிட்டால் அங்கே இன்னொரு புண் வரும்.

அப்புறம் முக்கியமானது. புண்ணின் மேல் வைக்கும் டிரெஸ்ஸிங் கசிவை உறிஞ்சத்தான், ஆற்றுவது அதன் மேல் சுற்றும் அழுத்தக் கட்டு. பாதத்தைச் செங்கோணமாக மடக்கி வைத்து, கணைக்காலின் முன்பக்க எலும்பு மேல் பஞ்சு வைத்து, விரல்களின் அடியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை. கணுக்காலில் தொடங்கினால் பாதம் பந்தாக வீங்கும். கணுக்காலில் 40 மி.மீ. பாதரச அழுத்தம் வரை கொடுப்போம், அதனால் முதலில் பயிற்சியுள்ளவரே கட்டட்டும். கட்டிய பிறகு விரல் வெளுத்தாலோ, நீலமானாலோ, மரத்தாலோ, வலி ஏறினாலோ உடனே அவிழுங்கள்.

கட்டுக்கு முன்னால் தமனி ஓட்டத்தை டாப்ளரில் பார்த்தார்களா? கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.8க்குக் கீழே இருந்தால் முழு அழுத்தம் கூடாது, காலுக்குப் போகிற ரத்தமே நின்றுவிடலாம்.

இனிப்பில்லாதவன்:
எனக்கும் கால் புண்தான், உள்ளங்காலில், பெருவிரலுக்கு அடியில். சர்க்கரை இருக்கிறது. வலியே இல்லை. நானும் இறுக்கிச் சுற்றி உயர்த்தி வைக்கலாமா?

பழைய நர்ஸ்:
வேண்டாம். உங்களுடையது வேறு. அந்த இடத்தில் மிதிக்கும் பாரத்தை இறக்க வேண்டும், உடனே போய்க் காட்டுங்கள். இன்னொன்று, சர்க்கரையில் தமனி கல்லாக இறுகியிருந்தால் டாப்ளர் எண் நன்றாக இருப்பது போலப் பொய் சொல்லும். உங்கள் மாதிரி ஆளுக்குக் கால்விரலில் அழுத்தம் அளக்கச் சொல்வார்கள்.

தேன்மழை:
பார்த்தாச்சு. டாப்ளரில் 1.0, சர்க்கரை இல்லை. ஒருவரிடம் கட்டுப் போட்டுக்கொண்டோம், முதல் இரண்டு இரவு அம்மா அவிழ்க்கச் சொல்லி ஒரே அழுகை, விரல் நிறம் நன்றாக இருந்ததால் பொறுத்துக்கொண்டோம். மேலே கசிவு தெரியாத வரை பிரிக்க வேண்டாம் என்றதால் இப்போது வாரம் ஒரு தடவைதான். கண்ணாடித்தாள் வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைந்து வைத்தேன், ஒரு மாதத்தில் பாதிக்குக் கிட்ட சுருங்கியிருக்கிறது, ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் உள்ளே வருகிறது. கீழோரம் மட்டும் ஊறி வெள்ளையாகிவிட்டது.

பழைய நர்ஸ்:
வெள்ளையாவது கசிவு தேங்குவதால். கூடுதலாக உறிஞ்சும் பேட் வையுங்கள், சுற்றுத்தோலில் துத்தநாகக் களிம்பு மெல்லிசாக. நடக்கவும் சொல்லுங்கள், கட்டோடு நடக்கும்போது கெண்டைச்சதை பம்ப் அடிக்கும். சிவப்பு மேலே பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோதான் ஆன்டிபயாடிக்.

காற்றாடி:
அப்போ லேசர் எல்லாம் எதற்கு?

பழைய நர்ஸ்:
லேசரால் பழுதான சிரையை அடைத்தால் மறுபடி வருவது குறையும். 2018இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், புண் இருக்கும்போதே சீக்கிரம் செய்தவர்களுக்கு ஆறுவதும் வேகமாக இருந்தது. ஆழச்சிரை அடைபட்டவர்களுக்கு அது பொருந்துமா என்பதை ஸ்கேன் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். மாமனாருக்குத் திரும்பத் திறந்ததற்குக் காரணம் அங்கேயே இருக்கலாம். ஆறிய பிறகு அழுத்தக் காலுறை போட்டாரா?

காற்றாடி:
இல்லை. வெயிலில் கசகசக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டார்.