புதுப்பிப்பு: வழிச்ச தலை, வட்ட முகம், தாடி, கண்ணாடி

கேட்டது: "தலையை முழுசா வழிச்சிட்டன், முகம் இன்னும் வட்டமாத் தெரியுது. தாடியும் கண்ணாடியும் எப்படி வைக்கிறது?"

உதவின எல்லாருக்கும் நன்றி. சரிவந்தது கொக்குவில் அண்ணை சொன்னது. கன்னத்தில 3 மி.மீ., நாடியில 10 மி.மீ. முக்கியமான இடம் கிருதா: காதுக்கு மேல ஒண்டும் இல்லாமல் தொடங்கி, 1, 2 எண்டு கூட்டி, காது மடலுக்குக் கீழதான் 3 வரவேணும். நேர்கோடா வெட்டினால் தாடி ஒட்டவைச்சமாதிரி நிக்கும். இப்ப முகம் நீண்டு தெரியுது.

தடிச்ச கறுப்பு ஃபிரேம் சொன்ன தம்பி பாதி சரி. வட்டமானது முகத்தை இன்னும் உருட்டிக் காட்டிச்சு; மேல்விளிம்பு மட்டும் தடிச்ச சதுரம்தான் பொருந்திச்சு. முடி வளர எண்ணெய் சொன்ன அக்கா, நான் வளர்க்கேல்லை. எண்ணெய் பூசினால் தலை வெயிலில இன்னும் மினுங்கும்.

எதிர்பாராதது சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 50 கிரீம் தாடி ஓரத்தில வெள்ளையாப் படிஞ்சுது, ஜெல் படியேல்லை. வெளியில நிண்டால் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திரும்பப் பூசவேணும்.

பிடரியில வாற சின்னப் பருக்கள், முடி வளருற பக்கமாவே வழிச்சதில குறைஞ்சிருக்கு, முழுசா நிக்கேல்லை. அதுக்கு வழி தெரிஞ்சவை எழுதுங்கோ.