விற்பனை மெயில் எழுதும் முன், நாம் என்ன செய்து தருகிறோம் என்று சொல்லும் அந்த ஒரே வரியை யாரிடமாவது காட்டிச் சோதிப்பது: உங்கள் அனுபவம்?

கோவை_சேல்ஸ்
மில்களில் கம்ப்ரசர் லைனில் காற்று எங்கே லீக் ஆகுதுன்னு கண்டுபிடிச்சுக் கொடுக்கிறது எங்க வேலை. "நூற்பாலைகளுக்கான முழுமையான காற்று மேலாண்மைத் தீர்வு"ன்னு வரி எழுதி, அதை வச்சே மூணு வாரம் மெயில் அனுப்பிட்டேன். அப்புறம்தான் அக்கவுண்ட்ஸ் அக்காகிட்ட ஒரு தடவை காட்டி, தாளைக் கவுத்து வச்சு, "என்ன புரிஞ்சதுக்கா?"ன்னு கேட்டேன். "ஏசி போட்டுக் கொடுக்கிறீங்களா தம்பி?"ன்னாங்க. அந்த மூணு வார மெயிலும் இன்னும் மனசை அறுக்குது.

மாத்தி எழுதினேன்: "மெஷின் நிக்கும்போதும் கம்ப்ரசர் ஓடி ஏறுற கரண்ட் பில்லை, லீக் ஆகுற இடங்களை அடையாளம் காட்டிக் குறைக்கிறோம்." அக்கா உடனே, "அப்ப புதுசா எதுவும் வாங்க வேண்டாமா?"ன்னாங்க. அந்தக் கேள்விக்கான பதில்தான் இப்ப மெயிலோட ரெண்டாவது வரி.

திருப்பூர்_தம்பி
அக்காவுக்குப் புரிஞ்சா மில் ஓனர் வாங்கிடுவாரா? மில் தெரிஞ்ச இன்ஜினியர்கிட்டதான் காட்டணும். நான் எப்பவும் எங்க டீம்லயே காட்டுவேன், உடனே புரிஞ்சுக்குவாங்க.

மலர்விழி
வேலைக்கு அப்ளை பண்ற மெயிலுக்கும் இது சரியா வருமா? "கடின உழைப்பாளி"ன்னு எழுதினதைத் தோழிகிட்ட காட்டினேன். "எந்த வேலைக்குடி?"ன்னு கேட்டா.

பழைய_கை
திருப்பூர் தம்பி, உங்க டீமுக்கு விஷயம் முன்னாடியே தெரியும். வரியில இல்லாததையும் அவங்களே நிரப்பிக்குவாங்க. ஆனா ஒண்ணு சரி: புரியறது வேற, வேணும்னு தோணுறது வேற. அக்காகிட்ட முதலாவதைத்தான் சோதிக்க முடியும்.

"நல்லா இருக்கா?"ன்னு மட்டும் கேட்காதீங்க, எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. யாருக்கு, என்ன தொல்லை, என்ன மிச்சம்னு அவங்க வாயாலயே திருப்பிச் சொல்லணும். அப்புறம் போட்டிக் கம்பெனி பேரைப் போட்டுப் படிங்க. அப்பவும் பொருந்தினா அது உங்க வரி இல்லை.

"30% மிச்சம்"னு அளக்காம எழுதிடாதீங்க. லீவு நாள்ல மெஷின் எல்லாம் நிறுத்திட்டு கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, அது காற்றை அழுத்தி நிரப்புற லோடு நேரத்தையும், நிரப்பாம சும்மா ஓடுற அன்லோடு நேரத்தையும் குறிக்கச் சொல்லுங்க. 2 நிமிஷம் லோடு, 6 நிமிஷம் அன்லோடுன்னா, 8-ல 2, கம்ப்ரசர் திறன்ல 25% லீக்லயே போகுது. மில்காரரே அளந்த கணக்குன்னா நம்புவார்.

இன்னொண்ணு. "லீக்"ங்கிற வார்த்தை எம்.டி.க்குப் பணம். மெயிண்டனன்ஸ் மேனேஜருக்கு அது அவர் மேல குத்தம். ரெண்டு பேருக்கும் ஒரே வரி போகக் கூடாது.

திருப்பூர்_தம்பி
ஆளுக்கொரு வரின்னா, அப்புறம் எங்கண்ணே ஒரே வரி?

கோவை_சேல்ஸ்
மெயிண்டனன்ஸ்காரர் மனசு நோகும்னு எனக்குத் தோணவே இல்லைண்ணே. நாங்க அனுப்பினதுல பாதி அவங்களுக்குத்தான். எங்க ஃபிட்டர் அண்ணன் முன்னாடி மில் மெயிண்டனன்ஸ்லதான் இருந்தார். நாளைக்குக் காலையில அவர்கிட்ட காட்டிட்டு வந்து எழுதுறேன்.