பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் மாட்டிய சங்கதிகள்: பார்த்ததைச் சொல்லுங்கள்

கிரையம்77

பவர் வைத்து நடக்கும் கிரையத்தில் கையெழுத்து எப்படிப் போடுவது என்று எல்லாருக்கும் தெரியும் என்றுதான் நினைப்போம். இந்தப் பத்திரத்தைப் பாருங்கள்.

அண்ணன், தம்பி இருவருக்கும் பாதிப் பாதி. அண்ணன் வெளியூர், தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பாதியும் ஒரே கிரையப் பத்திரத்தில் விற்பனை. முதல் பக்கம் கச்சிதம்: எழுதிக் கொடுப்பவர் 1 அண்ணன், அவருக்காக அவரது பவர் ஏஜென்டான தம்பி, எழுதிக் கொடுப்பவர் 2 தம்பி. ஒன்பது தாள் தாண்டி கடைசிப் பக்கத்துக்கு வந்தால், "எழுதிக் கொடுப்பவர்" என்று ஒருமையில் ஒரே ஒரு கோடு. அதன் மேல் தம்பியின் ஒரே ஒரு கையெழுத்து. யாருக்காகப் போட்டது என்று ஒரு வார்த்தை இல்லை.

பதிவு முடிந்து, வாங்கியவர் வீட்டுக் கடனுக்குப் போனபோது வங்கி வக்கீல் கண்ணில் பட்டிருக்கிறது. "அண்ணன் பாதி யார் எழுதிக் கொடுத்தது?" என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி, அவ்வளவுதான். அந்தப் பென்சில் எழுத்து இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இதே மாதிரி பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தென்காசி எழுத்தர்

இது அடிக்கடி வருவதுதான். ஆள் ஒன்று, தகுதி இரண்டு. தகுதிக்கு ஒரு கையெழுத்து என்பதுதான் கணக்கு, ஆளுக்கு ஒன்று என்பதல்ல. அந்தப் பத்திரத்தின் கடைசியில் இருந்திருக்க வேண்டியது இப்படி:

எழுதிக் கொடுப்பவர் 1-க்காக
அவரது பவர் ஏஜென்ட்: கையெழுத்து, கீழே தம்பி பெயர்

எழுதிக் கொடுப்பவர் 2: கையெழுத்து, கீழே தம்பி பெயர்

ஒரே கை, இரண்டு இடம். ஒவ்வொரு தாளின் அடியிலும் அதே மாதிரி இரண்டு. சோம்பலில் அடியில் ஒன்று போட்டுவிட்டுக் கடைசியில் மட்டும் இரண்டு போடுவார்கள். அதுவும் பின்னால் கேள்வியாகும்.

அப்பா இறந்து அம்மாவும் மைனர் பிள்ளையும் சேர்ந்து விற்கும் பத்திரத்திலும் இதே கோளாறுதான். அம்மா தனக்காக ஒன்று, "மைனருக்காக இயற்கைக் காப்பாளரான தாயார்" என்று இன்னொன்று போட வேண்டும். பங்கு பிரிந்து மைனர் பேரில் நிற்கிற சொத்து என்றால் 1956-ம் வருட இந்து மைனர், காப்பாளர் சட்டப்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். அந்த உத்தரவின் எண்ணும் தேதியும் ஷரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் கையெழுத்து எத்தனை அழகாக இருந்தாலும், பிள்ளை மேஜரானதும் கிரையத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

இன்னொன்று. பவர் எண், வருடம், எந்தச் சார்பதிவகம் என்ற மூன்றையும் முதல் பக்கத்தில் பார்ப்பதோடு நிற்காதீர்கள். பவர் பத்திரத்தையே எடுத்து வைத்து, அதில் கிரையம் எழுதிக் கொடுக்க, பணம் பெற்றுக்கொள்ள, பதிவுக்குத் தாக்கல் செய்ய என்று மூன்று அதிகாரமும் தனித்தனியாக இருக்கிறதா என்று படியுங்கள். விலை பேசி அக்ரிமென்ட் போட மட்டும் கொடுத்த பவரை வைத்துக் கிரையம் எழுதிய பத்திரங்கள் உண்டு.

ஓரப்பார்வை

இதெல்லாம் சின்ன விஷயம் சார். பதிவாகிவிட்டது அல்லவா? ஒரு பிழைதிருத்தல் பத்திரம் போட்டால் முடிந்தது. சாட்சி இரண்டு பேர் சரியாக இருக்கிறார்களா என்று பாருங்கள், அதுதான் உயிர். இரண்டு சாட்சி இல்லாத எந்தப் பத்திரமும் செல்லாது, நூறு ரூபாய் சொத்தாக இருந்தாலும்.

சென்ற மாதம் வந்த ஒரு பத்திரத்தில் சாட்சிகள் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எழுதிக் கொடுத்தவர் மதியம் வந்து போட்டார். பதிவு நடந்தது, ஒருவரும் கேட்கவில்லை.

நோட்டரி வாசல்

ஓரப்பார்வை அண்ணா சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. தப்புப் பாதிதான் ஆபத்து.

கிரையத்துக்குச் சாட்சி வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்லவில்லை. வழக்கம், அலுவலக நடைமுறை, பின்னால் நிரூபிக்க வசதி, இதற்காக வைக்கிறோம். ஆனால் தான செட்டில்மென்டுக்குப் பிரிவு 123-ன்படி குறைந்தது இரண்டு சாட்சி கட்டாயம். அடமானப் பத்திரத்துக்கும் உயிலுக்கும் அப்படியே. எனவே "எந்தப் பத்திரமும்" என்று சொல்வது தப்பு.

அவர் சொன்ன காலை-மதியம் விஷயம் கிரையம் என்பதால் தப்பித்தது. செட்டில்மென்டாக இருந்தால் அதுவே பத்திரத்தைக் கவிழ்க்கும். எழுதிக் கொடுப்பவர் கையெழுத்துப் போடுவதைச் சாட்சி பார்த்திருக்க வேண்டும். அல்லது "இது நான் போட்டதுதான்" என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் எதிரில் சாட்சி கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சியும் ஒரே நேரத்தில் கூடி இருக்க வேண்டியதில்லை, அதைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். ஆனால் எழுதிக் கொடுப்பவர் போடும் முன்பே சாட்சி போட்டால் அவர் எதற்குச் சாட்சி?

பத்திரம் எழுதியவர் "தயாரித்தவர்" என்று கீழே போடும் கையெழுத்தை இரண்டாவது சாட்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். எழுதியவர் என்ற முறையில் போட்டது வேறு, சாட்சியாகப் போட்டது வேறு. சார்பதிவாளரும் அடையாளம் காட்டியவர்களும் சாட்சியாவார்களா என்று கேட்டால், அவர்கள் எந்த நோக்கத்தில், யார் எதிரில் போட்டார்கள் என்பதைப் பொறுத்து வாதம் நடக்கும். அந்த வாதத்தை நம்பிச் சாட்சிக் கோட்டைக் காலியாக விடக் கூடாது.

புதியவள்

நான் கேட்பது கொஞ்சம் வேறு, மன்னிக்கவும். அப்பா உயிலில் சாட்சியாக அண்ணனே கையெழுத்துப் போட்டிருக்கிறார். வீடும் அண்ணனுக்குத்தான் எழுதியிருக்கிறது. இதுவும் கையெழுத்துக் கோளாறா? யாரிடம் காட்டுவது?

ஓரப்பார்வை

சந்தேகமே வேண்டாம் அம்மா. வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 67. சாட்சி போட்டவருக்கு எழுதிய பங்கு செல்லாது. உயில் நிற்கும், அண்ணனுக்கு வீடு வராது.

தென்காசி எழுத்தர்

அவசரப்படாதீர்கள் தம்பி. பிரிவு 67 இந்து உயிலுக்குப் பொருந்தாது. அந்த 1925-ம் வருடச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் எந்தெந்தப் பிரிவு இந்து உயிலுக்கு என்று பட்டியல் இருக்கிறது. அதில் 63 இருக்கிறது, 67 இல்லை. கிறிஸ்தவர் உயிலாக இருந்தால் நீங்கள் சொன்னது சரி.

அம்மா, நீங்கள் இந்துக் குடும்பம் என்றால் அண்ணன் சாட்சி போட்டது மட்டும் வீட்டைப் பறிக்காது. ஆனால் லாபம் பெறுபவரே சாட்சி என்பது நீதிமன்றத்தில் சந்தேகத்தைக் கிளப்பும். இரண்டாவது சாட்சி யார், அவர் இன்று சாட்சி சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்று பாருங்கள். அதுதான் உங்கள் கேள்வி. மூல உயிலோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். இங்கே படம் எடுத்துப் போடாதீர்கள்.

ஸ்கேல்வைத்துப்படிப்பவர்

என் அனுபவம் ஒரே வரி: ஒரு செட்டில்மென்டில் "பவர் எண் ____/20__" என்று கோடு அப்படியே பதிவாகியிருந்தது. அவ்வளவுதான். ஆனால் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், காலி இடத்தை யாரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை.

கடைசித் தாளில் தொடங்கி முதல் தாளுக்கு வாருங்கள். முன்னிருந்து படித்தால் கண் வாக்கியத்தோடு ஓடிவிடும், கோடு தெரியாது. ஒரு ஸ்கேலை வரியின் கீழ் வைத்து நகர்த்துங்கள். கணினியில் இருக்கும்போதே `__` என்று தேடிப் பாருங்கள், ஆனால் புள்ளி வைத்து விட்ட இடமும் வெறும் இடைவெளியும் அதில் மாட்டாது. தேதி, காசோலை எண், தாள்களின் எண்ணிக்கை, சாட்சியின் தந்தை பெயர், இந்த நான்கில்தான் பெரும்பாலும் காலி நிற்கும்.

கையால் நிரப்பினால் எழுதிக் கொடுப்பவர் எல்லாரும் அந்த இடத்திலேயே சுருக்கொப்பம் போட வேண்டும். பதிவுச் சட்டம் பிரிவு 20-ன்படி, அடித்தல், திருத்தல், இடைச்செருகல், காலி இடம் உள்ள பத்திரத்தை அதற்குரிய கையெழுத்து இல்லாவிட்டால் சார்பதிவாளர் ஏற்க மறுக்கலாம். மறுக்க "லாம்", அவ்வளவுதான். மறுக்காமல் விட்டதால்தான் அந்தக் கோடு பதிவாகியிருக்கிறது.

சொத்து விவரம் முடிந்து கையெழுத்துக்கு நடுவே அரைப் பக்கம் காலி விடாதீர்கள். குறுக்குக் கோடு இழுத்து இருபுறமும் ஒப்பம் போடுங்கள். கையெழுத்து மட்டும் தனியாக ஒரு தாளில் விழுந்தால் ஷரத்தின் இரண்டு வரியையாவது அந்தத் தாளுக்குத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் தாளை மாற்றிவிட்டார்கள் என்று எதிராளி சொல்ல வழி கிடைக்கும். ஆனால் பின்பக்கத்தைக் குறுக்குக் கோடு போட்டுக் கெடுத்துவிடாதீர்கள், அது பதிவு அலுவலகத்தின் இடம்.

தேதியையும் பாருங்கள். எழுதிய தேதி முத்திரைத்தாள் வாங்கிய தேதிக்கு முந்தியதாக இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பதிவுக்கான நான்கு மாதமும் எழுதிக் கொடுத்த தேதியிலிருந்துதான் ஓடுகிறது.

பெயர் விஷயத்தில் இனிஷியல் முன்னே, பின்னே என்று தாய்ப்பத்திரமும் ஆதாரும் வேறுபட்டால் "என்கிற" போட்டு இரண்டையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கையெழுத்தை மாற்றச் சொல்லாதீர்கள். அவர் வழக்கமாகப் போடுகிற கையெழுத்துதான் வேண்டும், அதன் அடியில் அச்சில் இருக்கிற பெயர்தான் பொருந்த வேண்டும்.

கைமாத்து

பத்திரம் இல்லை, புரோநோட்டு. நிறுவனத்துக்காகக் கடன் வாங்கியவர் வெறும் பெயரைப் போட்டு விட்டார், ரப்பர் ஸ்டாம்ப் கூட இல்லை. மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 28. முகவர் என்று தாளில் காட்டாவிட்டால் சொந்தப் பொறுப்பு. வீட்டுக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் ஸ்டாம்பைத் தேடினார்கள்.

கிரையம்77

எல்லாருக்கும் நன்றி. பிழைதிருத்தல் போதும் என்ற ஓரப்பார்வை சாரின் யோசனை வங்கியில் எடுபடவில்லை. சர்வே எண் தப்பு, அளவு தப்பு என்றால் பிழை. ஒருவர் எழுதிக் கொடுக்கவே இல்லை என்பது பிழை அல்ல என்கிறார் அந்த வக்கீல். அண்ணனே நேரில் வந்து கிரையத்தை ஒப்புக்கொண்டு உறுதிப் பத்திரம் எழுதித் தரட்டும் என்பது அவர் கேட்பது.

நோட்டரி வாசல்

நான்கு மாதம் ஆகவில்லை என்றால் பதிவுச் சட்டம் பிரிவு 24-ஐயும் கேட்டுப் பாருங்கள். பலர் வெவ்வேறு நாளில் எழுதிக் கொடுத்தால், ஒவ்வொருவர் எழுதிக் கொடுத்த தேதியிலிருந்தும் நான்கு மாதத்துக்குள் அதே பத்திரத்தை மறுபடி பதிவுக்குத் தாக்கல் செய்யலாம். தம்பி இப்போது அண்ணனுக்காகத் தனியாகக் கையெழுத்திட்டுத் தாக்கல் செய்வது அதில் அடங்கும் என்பது என் எண்ணம்.

தென்காசி எழுத்தர்

எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே கையெழுத்துப் போடுவது ஏற்கனவே போட்ட அதே ஆள். "பலர்" என்று சார்பதிவாளர் ஒத்துக்கொள்வாரா? பவர் கொடுத்த அண்ணன் இன்னும் உயிரோடிருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையே என்பதையும் அன்றைய தேதிக்குக் காட்ட வேண்டும். என்னைக் கேட்டால் அண்ணன் வருவதே நல்லது.

கிரையம்77

அண்ணன் மாசியில்தான் ஊருக்கு வருகிறார். நான்கு மாதம் தையிலேயே முடிகிறது.