கலைச்சொல் தேவை: டெண்டர் அறிவிப்புப் படத்திலிருந்து விவரம் எடுப்பதற்கு

ஓசூரிலிருந்து, நிரல் எழுதுபவர்:

அனைவருக்கும் வணக்கம். ஒன்றிய அலுவலகப் பலகையில் ஒட்டிய ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பைக் கைபேசியில் படம் எடுத்துப் போட்டால், கடைசி நாள், டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை, யார் போடலாம் என்ற தகுதி ஆகிய மூன்றையும் தனியாக எடுத்துத் தருகிற ஒரு செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்தை அடையாளம் காண்பதற்கு எழுத்துணரி என்ற சொல் இருக்கிறது. அதற்கு அடுத்த படிக்குத்தான் சொல் இல்லை. படத்தில் உள்ள எல்லா எழுத்தும் வந்த பிறகு, அதில் எது கடைசி நாள், எது வேறு நாள் என்று தேர்ந்து எடுப்பதை என்னவென்று சொல்வது? "தகவல் பிரித்தெடுத்தல்" எனக்குப் போதவில்லை. "புலக் கொய்வு" என்று வைக்கலாமா?

பென்னாகரத்திலிருந்து:

இதற்குத் தனிச் சொல் எதற்கு? எழுத்துணரி கொடுத்த உரையில் தேதி வடிவத்தைத் தேடு, ரூபாய் வடிவத்தைத் தேடு, முடிந்தது. நானே பள்ளி மதிப்பெண் பட்டியலுக்கு அப்படித்தான் செய்தேன். எழுத்துணர்தலிலேயே இது அடங்கிவிடும்.

கிருஷ்ணகிரியிலிருந்து, ஒன்றிய அலுவலகத்தில் டெண்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்:

தம்பி சொல்வது பாதி சரி. தேதி கிடைக்கும், ஆனால் எந்தத் தேதி? ஓர் அறிவிப்பில் அறிவிப்பு நாள் இருக்கும், படிவம் வாங்கக் கடைசி நாள் இருக்கும், பெட்டியில் போடக் கடைசி நாள் இருக்கும். பெரும்பாலும் ஒரே வாக்கியமாக, "18ஆம் தேதி பிற்பகல் 3.00 மணி வரை பெறப்பட்டு, அன்றே 3.30 மணிக்கு வருகை தந்துள்ள ஒப்பந்ததாரர்கள் முன்னிலையில் திறக்கப்படும்" என்று எழுதுவோம். நேரத்தை மட்டும் தேடினால் இரண்டு நேரம் மாட்டும். பிந்தியதை எடுத்துக்கொண்டு 3.20க்குப் போய் நின்றால் பெட்டி மூடியிருக்கும். "வரை" என்ற சொல்லை ஒட்டி இருப்பதுதான் உங்களுக்கு வேண்டிய நேரம்.

தொகையிலும் இதே சிக்கல்தான். ஓசூர் தம்பி தனியே எனக்கு அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மூன்று சாலை வேலை. மதிப்பீடு 9.75, 24.60, 18.20, தலைப்பில் "ரூ. இலட்சத்தில்" என்று இருக்கிறது. முன்வைப்புத் தொகை 9,750, 24,600, 18,200, அது முழு ரூபாயில். செயலி முதல் வேலைக்கு 24,600 என்று காட்டுகிறது, இரண்டாவதற்கு 18,200, மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. எழுத்து ஒன்றும் தப்பாகப் படிக்கப்படவில்லை. படம் சாய்வாக எடுக்கப்பட்டிருக்கிறது, வலது பக்கக் கட்டங்கள் ஒரு வரிசை மேலே ஏறிவிட்டன, 9,750 தலைப்போடு ஒட்டிக்கொண்டது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி விதிகள் 2000இன்படி முன்வைப்புத் தொகை சாதாரணமாக மதிப்பீட்டில் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. 9.75 லட்சம் வேலைக்கு 24,600 என்றால் இரண்டரை சதவீதம், அது நடக்காது. அங்கேயே சந்தேகம் வர வேண்டும். குறைவாக இருந்தால் இந்தக் கணக்கு கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காவேரிப்பட்டினத்திலிருந்து, மகளிர் குழுவில் இருப்பவர்:

நல்ல வேலை தம்பி. எங்கள் குழுவுக்கு இது ரொம்ப உதவும். சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஏலம் விடுகிறார்களே, அந்த அறிவிப்பையும் போட்டுப் பார்த்தேன். கடைசி நாள் "இல்லை" என்று வந்தது. டேவணித் தொகை என்று பெரிய எழுத்தில் இருந்தும் முன்வைப்புத் தொகை இல்லை என்கிறது. போன வருடம் அந்தத் தொகையைக் கட்டாததால்தான் எங்களை ஏலத்தில் கேட்கவே விடவில்லை. மரத்துக்கு எவ்வளவு என்பதையும் செயலி சொல்லுமா?

கிருஷ்ணகிரி:

அம்மா, ஏலமும் டெண்டரும் வேறு. ஏலத்தில் பெட்டியில் போடும் கடைசி நாள் கிடையாது, கூடும் நாள்தான். "இல்லை" என்று வந்தது ஒரு விதத்தில் சரியான பதில். டேவணியை முன்வைப்புத் தொகையின் மாற்றுப் பெயராகச் சேர்க்கச் சொல்லலாம். மரத்துக்கு மதிப்பை எந்தச் செயலியும் சொல்லாது, மரத்தைப் பார்த்தால்தான்.

தர்மபுரியிலிருந்து, தமிழாசிரியர்:

சொல்லுக்கு வருகிறேன். "கொய்வு" எனக்குப் பிடித்திருக்கிறது. மல்லிகைத் தோட்டத்தில் பூத்ததை எல்லாம் பறிப்பதில்லை, வேண்டியதை விரலால் எடுக்கிறோம். பிரித்தெடுத்தல் வேதியியலில் கலவையைப் பிரிப்பதற்கு வழக்கில் இருக்கிறது. அது முழுவதையும் கூறு போடுவது, இது ஒன்றை மட்டும் எடுப்பது.

"புலம்" மட்டும் வேண்டாம். வருவாய்த் துறை வழக்கில் புல எண் என்றால் நிலத்தின் சர்வே எண். குத்தகை அறிவிப்பு ஒன்றில் புல எண்ணே ஒரு விவரமாக வரும். "புலக் கொய்வு புல எண்ணை எடுத்தது" என்று எழுதினால் படிப்பவர் தலை சுற்றும். "விவரக் கொய்வு" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பென்னாகரம்:

சரி, நாள் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 18,200/- என்பதை என் எழுத்துணரி 18,2001- என்று படித்தது. சாய்கோடு ஒன்றாகிவிட்டது. அது கொய்வின் தப்பா, எழுத்துணர்வின் தப்பா?

ஓசூர்:

எழுத்துணர்வின் தப்பு. கொய்வு அதைப் பிடிக்க முடியும். நம் கமா முறையில் கடைசிக் கமாவுக்குப் பின் மூன்று இலக்கம்தான் வரும், நான்கு வந்தால் சந்தேகம். அதனால்தான் படித்தபடியே உள்ள எழுத்தையும், சரிசெய்த எண்ணையும், படத்தில் அது இருக்கும் கட்டத்தையும் மூன்றையும் வைத்திருக்கிறேன். emd என்பது முன்வைப்புத் தொகை:

```
{
  "field": "emd",
  "raw": "18,2001-",
  "value": 18200,
  "box": [412, 633, 498, 661]
}
```

box என்ற வரி இருந்தால், பயனர் எண்ணைத் தொட்டதும் படத்தில் அந்த இடம் மஞ்சளாகத் தெரியும். அதற்கும் ஒரு சொல் வேண்டும். "இடச்சான்று" என்று எழுதிவருகிறேன்.

தர்மபுரி:

இடச்சான்று நன்று. தாலுகா அலுவலகத்தில் இருப்பிடச் சான்று கேட்டு வருபவர்கள் குழம்பலாம் என்பது மட்டும் கவலை.

கிருஷ்ணகிரி:

தகுதி நிபந்தனையைப் பற்றி யாரும் பேசவில்லை. கொய்வு என்ற சொல் அங்கே இடிக்கிறது. நாளும் தொகையும் ஒற்றை மதிப்பு, கொய்துவிடலாம். தகுதி ஒரு பத்தி. "வகுப்பு III மற்றும் அதற்கு மேல் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர்கள், கருப்புப் பட்டியலில் உள்ளோர் நீங்கலாக" என்று இருக்கும். அதில் III என்பதை எழுத்துணரி 111 என்று படிக்கும், அது சின்ன விஷயம். "நீங்கலாக" என்ற சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறதே, அதை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் எடுத்தால் பொருள் தலைகீழ். என் கருத்து, தகுதியைச் சொல்லாக உடைக்காதீர்கள், வாக்கியமாகவே தூக்குங்கள். பல அறிவிப்பில் "இதர நிபந்தனைகளை tntenders.gov.in தளத்தில் காண்க" என்று மட்டும்தான் இருக்கும். அப்போது படத்தில் தகுதி இல்லவே இல்லை.

ஓசூர்:

அப்படியானால் இரண்டு வகை வெறுமை இருக்கிறது. ஒன்று, அறிவிப்பிலேயே இல்லாதது. இன்னொன்று, கண்ணாடிப் பலகையில் ட்யூப்லைட் வெளிச்சம் விழுந்து படிக்க முடியாதது. முதலாவதில் பயனர் தளத்தைப் பார்க்க வேண்டும், இரண்டாவதில் திரும்பப் படம் எடுக்க வேண்டும். இப்போது இரண்டுக்கும் "இல்லை" என்றே காட்டுகிறேன்.

பென்னாகரம்:

"இன்மை", "மங்கல்"?

தர்மபுரி:

மங்கல் வேண்டாம், சாயம் போன துணிக்குச் சொல்வது போல இருக்கிறது. "படிபடாமை" யோசித்தேன், வாயில் வரவில்லை. வேறு யாராவது சொல்லுங்கள்.

காவேரிப்பட்டினம்:

"தெரியல" என்று போட்டாலே எங்களுக்குப் புரியும். கண்ணுக்குத் தெரியல என்றுதானே நாங்களும் சொல்கிறோம்.

கிருஷ்ணகிரி:

அது நல்ல சொல்தான் அம்மா, ஆனால் "எனக்குத் தெரியாது" என்றும் படிக்கலாம். இன்னொன்று தம்பி: அறிவிப்பு நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே 15 நாளுக்குக் குறைவாக வந்தால் ஒரு எச்சரிக்கை காட்டு. 2 கோடிக்கு மேற்பட்ட வேலை என்றால் 30 நாள். மேலதிகாரி காரணம் எழுதி நாளைக் குறைக்க விதியில் இடம் உண்டு, அதனால் தப்பு என்று காட்டாதே, "படத்தைச் சரிபார்க்கவும்" என்று காட்டு. திருத்த அறிவிப்பு வந்து நாள் தள்ளிப்போயிருந்தால் பழைய படத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.